ஆபீஸ் வேலையோடு டிரேடிங்: ஒரே பக்கத்தில் விதித்தாள்

"காலை 9 மணிக்கு ஆபீஸ் உள்ளே போனா சாயங்காலம் ஆறரைக்குத்தான் வெளியே வருவேன். மதியச் சாப்பாட்டு நேரத்துல பத்து நிமிஷம், ராத்திரி முக்கால் மணி நேரம், அவ்வளவுதான் கிடைக்கும். டிரேடிங்குக்குன்னு 4 லட்சம் தனியா வச்சிருக்கேன். விதிகளை எல்லாம் ஒரே பக்கத்துல எழுதி வைக்கணும்னு சொல்றாங்க. அதுல என்ன எழுதுறது, எப்படி எழுதுறது? எண்களோட சொன்னா நல்லது."

சந்தை காலை 9:15 முதல் மாலை 3:30 வரை, ஆறே கால் மணி நேரம் நடக்கிறது. அதில் பத்து நிமிடம்தான் உங்கள் கையில் இருக்கிறது. அப்படியானால் அந்தத் தாளை, நீங்கள் பார்க்காத ஆறு மணி நேரத்துக்காக எழுத வேண்டும். எந்த முடிவாக இருந்தாலும் முந்தைய இரவே எடுத்துவிட வேண்டும்; மறுநாள் நீங்கள் இல்லாமலே அது நடந்தேற வேண்டும். இந்த இரண்டுக்கும் ஒத்துவராத விதி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உங்கள் தாளில் அதற்கு இடமில்லை.

எழுதும் முறைக்கும் ஒரு சோதனை உண்டு. தாளை வீட்டில் டிரேடிங் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, ஒரு வரியைக் காட்டி, "இன்று இதன்படி நடந்தேனா?" என்று கேளுங்கள். ஆம் அல்லது இல்லை என்று அவரால் சொல்ல முடிந்தால் அது விதி. "டிரெண்ட் நன்றாக இருந்தால் வாங்கு", "சந்தை சரியில்லை என்றால் ஒதுங்கு" என்பதெல்லாம் விதியல்ல. நன்றாக இருக்கிறதா என்பதை அந்த நேரத்து மனநிலைதான் முடிவு செய்யும்.

நேரக் கணக்கே சில வகைகளை வெளியே தள்ளிவிடுகிறது. வாங்கியதை அன்றே விற்றுவிடும் இன்ட்ராடே முடியாது. ஆப்ஷன் வாங்குவது, விற்பது இரண்டும் முடியாது. அங்கே ஆப்ஷனின் விலையான பிரீமியம் அரை மணி நேரத்தில் பாதியாகிவிடலாம். செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ எனப்படும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் சந்தையில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம் அடைந்திருந்தார்கள். அவர்களில் நாள் முழுக்கத் திரையைப் பார்த்தவர்களும் உண்டு. வரிப் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது: இன்ட்ராடேயும் எஃப் அண்ட் ஓவும் தொழில் வருமானமாகக் கருதப்படுவதால் ஐடிஆர் 3 தாக்கல் செய்ய வேண்டிவரும். பங்கை டீமேட் கணக்குக்கே எடுத்துக்கொள்ளும் டெலிவரியில் வாங்கி விற்றால் பொதுவாக மூலதன ஆதாயம்தான். ஒரு வருடத்துக்குள் விற்றால் 20 சதவீத வரி, ஐடிஆர் 2 போதும். எனவே உங்களுக்குப் பொருந்துவது டெலிவரியில் வாங்கி, சில நாள்கள் முதல் சில வாரங்கள் வரை வைத்திருக்கும் ஸ்விங் டிரேடிங்.

தாள் எழுதும் முன் பார்க்க வேண்டிய இன்னொன்று உங்கள் வேலை. மத்திய அரசு ஊழியர் என்றால் 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 16-ஆவது விதி, பங்குகளை அடிக்கடி வாங்கி விற்பதை ஊக வணிகமாகக் கருதித் தடை செய்கிறது. எப்போதாவது செய்யும் முதலீடு பரவாயில்லை. அவர்களுக்கு இந்தத் தாளே வேண்டாம். பட்டியலிடப்பட்ட நிறுவனம், வங்கி, தணிக்கை நிறுவனம் ஆகியவற்றில் இருந்தால், எந்தெந்தப் பங்குகளுக்கு முன் அனுமதி வாங்க வேண்டும், எவற்றைத் தொடவே கூடாது என்ற பட்டியலை ஹெச்.ஆரிடம் கேட்டு, தாளின் பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி தாள். உங்கள் 4 லட்சத்துக்கும் உங்கள் நேரத்துக்கும் பொருந்தும்படி எழுதியது இது. இதில் GTT என்பது, நீங்கள் சொன்ன டிரிகர் விலையைத் தொட்டால் மட்டும் ஆர்டரைச் சந்தைக்கு அனுப்பும் வசதி. லிமிட் என்பது, அதைவிட மோசமான விலைக்கு வாங்காதே, விற்காதே என்ற எல்லை. ஸ்டாப் என்பது, நஷ்டம் பெருகாமல் இருக்க விற்று வெளியேறும் விலை.

விதித்தாள், பதிப்பு 1 (தேதி: ______)

1. மூலதனம் 4,00,000. ஒரு டிரேடில் இழக்கத் தயாராக இருப்பது 2,000 (ரிஸ்க் தொகை). ஒரு பங்கில் 80,000-க்கு மேல் போடுவதில்லை. கையில் அதிகபட்சம் 5 பங்குகள், ஒரே துறையில் 2.
2. நிஃப்டி 200 பட்டியலில் உள்ளவை மட்டும். டெலிவரி மட்டும். மார்ஜின் கடன் இல்லை. இதற்கென்றே தனி டீமேட் கணக்கு.
3. தேர்வு: தினசரி சார்ட்டில் முடிவு விலை 200 நாள் சராசரிக்கு மேல் இருக்க வேண்டும்; முந்தைய 20 நாள்களின் உச்ச விலையையும் இன்று தாண்டி முடிந்திருக்க வேண்டும். பல பங்குகள் வந்தால் ஆறு மாத ஏற்றம் அதிகமுள்ள இரண்டு.
4. அடுத்த 5 வர்த்தக நாள்களுக்குள் காலாண்டு ரிசல்ட் என்றால் வாங்குவதில்லை.
5. வாங்குதல்: இரவே GTT. டிரிகர், இன்றைய உச்சத்துக்குச் சற்று மேல். லிமிட், டிரிகரை விட 1% மேல். ஒரு நாளைக்கு இரண்டு GTT-க்கு மேல் போடுவதில்லை.
6. ஸ்டாப்: கடைசி 10 நாள்களின் மிகத் தாழ்ந்த விலைக்குச் சற்றுக் கீழே டிரிகர், அதற்கு 3% கீழே லிமிட். வாங்கும் லிமிட்டுக்கும் ஸ்டாப்புக்கும் இடைவெளி 8% தாண்டினால் அந்தப் பங்கு வேண்டாம்.
7. எண்ணிக்கை = 2,000 ÷ (வாங்கும் லிமிட் − ஸ்டாப் டிரிகர்). பின்னத்தை விட்டுவிடு.
8. மதியம் 1:15: வாங்கியது நடந்ததா? நடந்திருந்தால் ஸ்டாப் GTT போடு. நடக்காவிட்டால் ரத்து செய். ஸ்டாப்புக்குக் கீழே போயும் விற்காத பங்கு இருந்தால் மார்க்கெட் விலையில் விற்றுவிடு. வேறு எதுவும் செய்வதில்லை.
9. தினமும் இரவு: கையிலுள்ள பங்குகளின் எண்ணிக்கையும் ஸ்டாப் GTT-களின் எண்ணிக்கையும் ஒன்றா?
10. சனிக்கிழமை: ஸ்டாப்பைப் புதிய 10 நாள் தாழ்வுக்கு ஏற்று. இறக்குவதில்லை. 15 வர்த்தக நாள்கள் ஆகியும் வாங்கிய விலைக்குக் கீழேயே இருந்தால் திங்கள்கிழமை விற்றுவிடு.
11. கையிலுள்ள பங்குக்கு நாளை மறுநாள் ரிசல்ட், லாபம் 2,000-க்குக் குறைவு: நாளை விற்றுவிடு.
12. மாத நஷ்டம் 8,000 தொட்டால் அந்த மாதம் புதிதாக வாங்குவதில்லை. மொத்த நஷ்டம் 40,000 தொட்டால் எல்லாம் நிற்கும். பதிவேட்டைப் படித்த பிறகே தொடக்கம், அதுவும் ரிஸ்க் தொகை 1,000-த்தில்.
13. ஊருக்குப் போகும் வாரம், ஆபீஸில் ஆடிட், உடம்பு சரியில்லை: புதிதாக வாங்குவதில்லை.
14. இந்தத் தாளை காலாண்டுக்கு ஒருமுறை மட்டும், ஒரு வரி மட்டும் மாற்றலாம்.

மூன்றாவது வரியைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. 20 நாள் உச்சம், 200 நாள் சராசரி என்பதெல்லாம் பழைய, எல்லோருக்கும் தெரிந்த கணக்குகள். இதில்தான் பணம் இருக்கிறது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. உங்களுக்குப் பழக்கமான வேறு கணக்கு இருந்தால் அதை எழுதுங்கள். தினசரி முடிவு விலையிலிருந்தே பார்த்துவிடக்கூடியதாகவும், ஸ்கிரீனரில் ஒருமுறை சேமித்துவைத்தால் தினமும் அதே பதிலைத் தருவதாகவும் அது இருக்க வேண்டும், அவ்வளவுதான். பல பங்குகள் வரும் நாளில் எதை எடுப்பது என்பதையும் அதே வரியில் முடித்துவிட வேண்டும். பலரும் தாளில் இதை எழுத மறந்துவிடுகிறார்கள். சந்தை நன்றாக ஏறிய நாளில் பதினைந்து பங்குகள் பட்டியலில் வரும். அதில் மனசுக்குப் பிடித்த பெயரைப் பொறுக்கினால் மற்ற வரிகளை எழுதியதில் பயனில்லை.

ஐந்து முதல் எட்டு வரையிலான வரிகளை நிதானமாகப் பார்க்க வேண்டும். திரையைப் பார்க்க முடியாதவர் அடிபடுவது பெரும்பாலும் பங்குத் தேர்வில் அல்ல, ஆர்டர் போடும் இடத்தில்தான்.

இரவில் மறுநாளுக்கான வாங்கும் ஆர்டரை இரண்டு விதமாகப் போடலாம். ஒன்று, சந்தை முடிந்த பிறகு போடும் சாதாரண லிமிட் ஆர்டர். இதில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. நீங்கள் 640-க்கு லிமிட் போட்டிருக்கிறீர்கள். இரவில் ஏதோ கெட்ட செய்தி வந்து காலையில் 610-இல் திறக்கிறது. உங்கள் ஆர்டர் சந்தோஷமாக 610-இல் வாங்கிவிடும். பங்கு உச்சத்தைத் தாண்டி ஏறுகிறது என்பதற்காக வாங்கப் போனவர், விழுகிற பங்கைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்பார். நல்ல நாளில் ஓடிப்போய், கெட்ட நாளில் மட்டும் நிறைவேறும் ஆர்டர் அது.

இன்னொன்று GTT. விலை டிரிகரைத் தொட்டால் மட்டும் ஆர்டர் சந்தைக்குப் போகும் வசதி இது. சில தரகர்களிடம் வேறு பெயரில் இருக்கும். டிரிகரை நேற்றைய உச்சத்துக்கு மேலே வைத்தால், பங்கு ஏறினால்தான் வாங்கும். 610-இல் திறந்தால் ஒன்றும் நடக்காது. அதற்காகத்தான் ஐந்தாவது வரி.

ஆனால் GTT-க்கும் அதன் ஓட்டைகள் உண்டு. டிரிகர் தொட்டதும் சந்தைக்குப் போவது ஒரு லிமிட் ஆர்டர். அது அந்த நாள் முடியும்வரை உயிரோடு இருக்கும். பங்கு காலையில் லிமிட்டைத் தாண்டி 655-இல் திறந்தால் டிரிகர் ஆகிவிடும், வாங்காது. பிறகு பிற்பகலில் ஏற்றம் சோர்ந்து விலை சரியும்போது 646-இல் வாங்கிவிடும். அதுவும் தோற்றுப்போன ஏற்றத்தைக் கையில் வாங்குவதுதான். மதியம் 1:15-க்கு வாங்கப்படாததை ரத்து செய் என்று எட்டாவது வரி சொல்வது இதற்காக.

GTT போட்டுவைத்தால் அதற்காகப் பணம் ஒதுக்கிவைக்கப்படுவதில்லை என்பதையும் கவனியுங்கள். பத்து பங்குகளுக்கு GTT போட்டுவிட்டுத் தூங்கலாம். எந்தத் தடையும் வராது. ஒரு நாள் சந்தை மொத்தமாகத் துள்ளும்போது பத்தும் ஒன்றாக டிரிகர் ஆகும். பணம் இருக்கும்வரை வாங்கும், மிச்சம் நிராகரிக்கப்படும். கையில் வந்தவை எல்லாம் ஒரே நாளில், ஒரே காற்றில் ஏறியவை. இறங்கும்போதும் ஒன்றாகவே இறங்கும். ஒரு நாளைக்கு இரண்டு என்ற எல்லை இதற்குத்தான்.

இப்போது எண்ணிக்கை. ஒரு பங்கை எடுத்துக் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். இன்று 634-இல் முடிந்தது, நாளின் உச்சம் 638, கடைசி பத்து நாள்களின் தாழ்வு 609. வாங்கும் டிரிகர் 640, லிமிட் 646. ஸ்டாப் டிரிகர் 608, லிமிட் 590. இடைவெளி 646 − 608 = 38 ரூபாய்; ஏறக்குறைய 6 சதவீதம், எல்லைக்குள் இருக்கிறது. 2,000 ÷ 38 = 52.6. ஆக 52 பங்குகள், அதிகபட்சம் 33,592 ரூபாய்.

வாங்கும் விலையாக டிரிகரை எடுக்காமல் லிமிட்டை எடுத்ததைக் கவனித்திருப்பீர்கள். எங்கே நிறைவேறும் என்று இரவில் தெரியாது. மோசமான விலையை வைத்துக் கணக்குப் போட்டால், நிறைவேறிய விலை எதுவாக இருந்தாலும் ஸ்டாப்பில் வெளியேறும்போது நஷ்டம் 2,000-க்கு உள்ளேயே இருக்கும். ஸ்டாப்பைத் தாண்டிக் குதித்தால் என்ன ஆகும் என்பதைக் கீழே பார்ப்போம்.

ரிஸ்க் தொகை ஏன் அரை சதவீதம் என்று கேட்கலாம். 1 சதவீதம், 2 சதவீதம் என்று சொல்பவர்களும் உண்டு. திரையின் முன் இருப்பவருக்கு அது சரியாக இருக்கலாம். நீங்கள் இல்லாத நேரத்தில் ஸ்டாப் சொன்ன இடத்தில் நிறைவேறாத நாள்கள் வரும். அன்றைய நஷ்டம் எழுதியதைப் போல இரண்டு மடங்காகும். அந்த இரண்டு மடங்கு 1 சதவீதத்துக்குள் அடங்கட்டும் என்பதுதான் கணக்கு. ஒரு பங்கில் 80,000 என்ற எல்லையும் அதே காரணத்துக்காகத்தான். ஸ்டாப் மிக நெருக்கமாக, 16 ரூபாய் தூரத்தில் கிடைத்தது என்று வையுங்கள்; 640 ரூபாய்ப் பங்கை 125 வாங்கலாம் என்று கணக்கு சொல்லும். அது 80,000 ரூபாய். ரிஸ்க் 2,000தான் என்று தாளில் இருக்கும். ஆனால் ஒரு நாள் காலையில் 10 சதவீதம் கீழே திறந்தால் போவது 8,000. நெருக்கமான ஸ்டாப் ரிஸ்க்கைக் குறைப்பது போலத் தெரியும், பணத்தை ஒரே இடத்தில் குவித்துவிடும்.

செலவையும் இங்கேயே பார்த்துவிடலாம். டெலிவரியில் வாங்கும்போதும் விற்கும்போதும் எஸ்டிடி என்ற பங்குப் பரிவர்த்தனை வரி 0.1 சதவீதம், வாங்கும்போது முத்திரைக் கட்டணம் 0.015 சதவீதம். விற்கும்போது ஒரு நிறுவனத்தின் பங்கில் அன்று எத்தனை விற்றாலும், டீமேட்டிலிருந்து எடுப்பதற்கான டிபி கட்டணம் ஏறக்குறைய 15 ரூபாய். 33,000 ரூபாய் டிரேடுக்குத் தரகு இல்லாமலே போகவர 90 ரூபாய் ஆகும். 2,000 ரூபாய் ரிஸ்க்கில் அது நாலரை சதவீதம், தாங்கலாம். டிபி கட்டணம் நிலையானது என்பதால், 5,000 ரூபாய்க்கு நாலு பங்கு வாங்கிப் பழகுகிறேன் என்று இறங்கினால் அது மட்டுமே உறுத்தும்.

ஸ்டாப்பின் லிமிட்டை ஏன் 3 சதவீதம் கீழே வைப்பது? பலர் டிரிகர் 608, லிமிட் 608 என்றே போட்டுவிடுகிறார்கள். விலை 608-ஐத் தொட்டு, அடுத்த விநாடி 607-க்குப் போனால் அந்த ஆர்டர் தொங்கிக்கொண்டே நிற்கும். பங்கு 580 போனாலும் விற்காது. விற்கும் லிமிட் 590 என்றால் 590-க்கு விற்றுவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். 590-க்குக் குறையாமல், அப்போது கிடைக்கும் நல்ல விலைக்கு விற்கும் என்பதே பொருள். சாதாரண நாளில் 607-இலோ 606-இலோ முடிந்துவிடும்.

வாங்கிய அன்றே ஸ்டாப் இருக்க வேண்டும். வாங்கும் ஆர்டரோடு ஸ்டாப் GTT-யையும் இணைத்துப் போடும் வசதி உங்கள் தரகரிடம் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், மதிய வேலை பாதியாகும். விற்பனைக்கு இன்னொரு முன்வேலை உண்டு: விற்கும் பங்குகளை டீமேட்டிலிருந்து எடுக்கத் தரகருக்கு ஒரே தடவையில் தரும் அனுமதியான DDPI கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஒவ்வொரு விற்பனைக்கும் TPIN என்ற ரகசிய எண்ணைப் போட்டு அனுமதி தர வேண்டும். நீங்கள் மீட்டிங்கில் இருக்கும்போது டிரிகர் ஆன ஸ்டாப், அனுமதி இல்லை என்று நிராகரிக்கப்பட்டுவிடும். முதல் டிரேடுக்கு முன்பே இதைச் செய்து முடித்துவிடுங்கள்.

மேலே சொன்ன 52 பங்குகள் 641.50-க்கு வந்தன என்று வையுங்கள். உண்மையான ரிஸ்க் 33.50 × 52 = 1,742. இனி இரண்டு வழிகள்.

முதல் வழியில் பங்கு மூன்று வாரத்தில் 702 வரை போகிறது. மூன்றாவது சனிக்கிழமை பத்து நாள் தாழ்வு 669. ஸ்டாப் 668 டிரிகர், 648 லிமிட் என்று மாற்றுகிறீர்கள். அடுத்த வாரம் சரிந்து 667.20-க்கு விற்கிறது. லாபம் 25.70 × 52 = 1,336; செலவு போக 1,245 சொச்சம். 702-இல் விற்றிருக்கலாமே என்று தோன்றும். 702 உச்சம் என்பது பிறகுதான் தெரியும். இந்த முறையில் உச்சத்திலிருந்து கொஞ்சம் விட்டுக்கொடுப்பது எப்போதும் நடக்கும். அது பிழையல்ல, சில பங்குகள் 702-இல் நிற்காமல் 850 போவதற்காகக் கொடுக்கும் விலை.

இரண்டாவது வழியில், வாங்கி நாலாம் நாள் காலை பங்கு 575-இல் திறக்கிறது. 608-ஐத் தாண்டிக் கீழே குதித்ததால் டிரிகர் ஆகிவிட்டது. ஆனால் லிமிட் 590, சந்தை 575. ஆர்டர் நிறைவேறாமல் நிற்கிறது. மாலை 3:30-க்கு அது தானாக ரத்தாகும். GTT ஒருமுறை டிரிகர் ஆனதோடு முடிந்துவிட்டதால், மறுநாள் அந்தப் பங்குக்கு ஸ்டாப்பே இருக்காது. ஆப்பில் "டிரிகர்ட்" என்று பார்த்துவிட்டு விற்றாகிவிட்டது என்று நினைத்துக்கொள்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். பார்க்க வேண்டியது GTT பக்கத்தை அல்ல, ஆர்டர் பக்கத்தில் நிறைவேறியதா என்பதை. எட்டாவது வரிப்படி 1:15-க்கு 570-இல் விற்றால் நஷ்டம் 71.50 × 52 = 3,718. எழுதிய ரிஸ்க்கைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஆனாலும் மூலதனத்தில் 1 சதவீதத்துக்குக் குறைவு. "இவ்வளவு விழுந்துவிட்டதே, திரும்பி வரும்வரை காத்திருக்கலாம்" என்ற எண்ணம் அந்த நிமிடத்தில் கட்டாயம் வரும். எட்டாவது வரியில் அதற்கு இடம் வைக்கவில்லை.

ஒன்பதாவது வரி பார்க்கச் சாதாரணமாக இருக்கும். ஐந்து பங்குகள் இருந்தால் ஐந்து ஸ்டாப் GTT-கள் இருக்க வேண்டும். குறைந்தால், மேலே சொன்னது போல ஒன்று நிறைவேறாமல் முடிந்திருக்கும். அல்லது போனஸ், பங்குப் பிரிப்பு காரணமாகத் தரகர் ரத்து செய்திருப்பார். 1:1 போனஸ் என்றால் விலை பாதியாகும், எண்ணிக்கை இரண்டு மடங்காகும். ஸ்டாப்பையும் பாதியாக்கிப் புதிதாகப் போட வேண்டும். கூடினால், கையால் விற்றுவிட்டுப் பழைய GTT-யை விட்டுவைத்திருக்கிறீர்கள். அது சும்மா கிடக்காது. அதே பங்கைப் பின்னால் மறுபடி வாங்கும்போது, பழைய விலையில் டிரிகர் ஆகி விற்றுவிடும்.

தனி டீமேட் கணக்கு என்று இரண்டாவது வரியில் எழுதியதும் இதோடு சேர்ந்ததுதான். ஒரே கணக்கில் நீண்ட கால முதலீடாக 100 பங்குகள் வைத்திருந்து, அதே பங்கை டிரேடிங்குக்காக 52 வாங்கி விற்றால், வரிக் கணக்கில் முதலில் வாங்கியதே முதலில் விற்றதாக எடுத்துக்கொள்ளப்படும். ஐந்து வருடம் முன் வாங்கிய பங்குகள் விற்றதாகக் கணக்கில் ஏறும்; நேற்று வாங்கியவை முதலீடாக மாறிவிடும்.

ரிசல்ட் பற்றிய இரண்டு வரிகளுக்கும் ஒரே காரணம்: கையில் உள்ள ஸ்டாப் எதுவும் ரிசல்ட் இரவைத் தாங்காது. தேதியை என்எஸ்இ தளத்தில் நிறுவன அறிவிப்புகளில் பாருங்கள். வாங்கிய அன்று தேதி அறிவிக்கப்படாமல் இருந்திருக்கலாம். ஆகவே ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் இரண்டாம் வாரத்திலிருந்து கையிலுள்ள பங்குகளுக்கு இரவுதோறும் பார்க்க வேண்டும். ஐந்து பங்குகள்தான், இரண்டு நிமிடம் போதும்.

பன்னிரண்டாவது வரியின் 8,000 நாலு முழு நஷ்டங்கள். இப்படி உச்சத்தைத் தாண்டும்போது வாங்கும் முறைகளில் நஷ்ட டிரேடுகளே எண்ணிக்கையில் அதிகம் இருக்கும். பத்தில் ஆறு நஷ்டம் என்று வைத்தால், எந்த நாலு டிரேடை எடுத்தாலும் நாலுமே நஷ்டமாக இருக்க 0.6 × 0.6 × 0.6 × 0.6, அதாவது 13 சதவீத வாய்ப்பு. ஆகவே வருடத்தில் ஓரிரு மாதம் இந்த எல்லையைத் தொடுவீர்கள். முறை கெட்டுவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. அந்த மாதச் சந்தை உங்கள் முறைக்கு ஒத்துவரவில்லை. 40,000 வேறு கதை. எழுதியபடியே நடந்து இருபது ரிஸ்க் தொகைகள் போயிருந்தால் மூன்றாவது வரியையே மறுபடி யோசிக்க வேண்டும்.

எழுதியபடி நடந்தீர்களா என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு பதிவேடு வேண்டும். நோட்டுப் புத்தகமே போதும். தேதி, பங்கு, வாங்க எழுதிய விலை, வாங்கிய விலை, ஸ்டாப், விற்ற விலை, லாப நஷ்டம், கடைசியாக "விதிப்படியா?" என்று ஒரு கட்டம். முப்பது டிரேடுகள் ஆனதும், "ஆம்" என்றவற்றையும் "இல்லை" என்றவற்றையும் தனித்தனியே கூட்டுங்கள். "ஆம்" பக்கம் சுமாராகவும் "இல்லை" பக்கம் பெரிய நஷ்டமாகவும் இருந்தால் தாளைத் தொடாதீர்கள். எந்த வரி அடிக்கடி மீறப்பட்டது என்று பாருங்கள். பெரும்பாலும் அது உங்கள் நேரத்துக்கு ஒத்துவராத வரியாக இருக்கும். 1:15-க்கு எப்போதும் மீட்டிங் வருகிறது என்றால் அந்த நேரத்தை 12:30 என்று மாற்றி எழுதுவதுதான் அந்தக் காலாண்டின் ஒரே திருத்தம். "இல்லை" பக்கம் லாபமாக வந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஸ்டாப்பை எடுத்துவிட்டுத் தப்பித்த இரண்டு டிரேடுகள்தான் அந்த லாபமா என்று பாருங்கள்.

"ஆம்" பக்கமே நஷ்டம் என்றால் ஸ்டாப் விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தைத் தனியே கூட்டுங்கள். அது பெரிதாக இருந்தால் பிரச்சினை ஆறாவது வரியிலும் பங்குப் பட்டியலிலும். நிஃப்டி 200-ஐ நிஃப்டி 100 ஆக்கினால் வாங்க, விற்க ஆள் அதிகம் உள்ள பங்குகள் மட்டும் மிஞ்சும். வித்தியாசம் சிறிதாக இருந்தும் நஷ்டம் என்றால் மூன்றாவது வரியை மாற்றலாம். மாற்றும்போது பழைய தாளைக் கிழித்துவிடாதீர்கள். தேதியோடு பதிவேட்டின் பின்னால் ஒட்டிவைத்து, புதியதில் "பதிப்பு 2" என்று எழுதுங்கள். எந்த டிரேடு எந்தப் பதிப்பின்படி நடந்தது என்று தெரியாவிட்டால், அடுத்த முப்பது டிரேடுகளின் கூட்டலை எதோடும் ஒப்பிட முடியாது.